படமாக வந்த மதிப்பெண் பட்டியலை விரிதாளாக மாற்றுதல்: மொத்தமும் ரேங்க்கும் தவறாமல் வருவதற்கான முழு வழிகாட்டி

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் வகுப்பாசிரியர் மதிப்பெண் பதிவேட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அதை எக்செலிலோ கூகுள் ஷீட்ஸிலோ ஏற்றி, மொத்தமும் ரேங்க்கும் போட்டுத் தர வேண்டிய வேலை பள்ளி அலுவலகத்தில் ஒருவருக்கோ இன்னோர் ஆசிரியருக்கோ வந்து சேர்கிறது. இதில் சூத்திரம் எழுதுவது எளிய பகுதி. கடினமான பகுதி, படத்திலுள்ள ஒவ்வோர் எண்ணும் அதற்குரிய மாணவரின் வரிசையில், அதற்குரிய பாடத்தின் கீழ், எழுதப்பட்டபடியே வந்திருக்கிறது என்று உறுதி செய்வதுதான். ஆகவே இந்த வழிகாட்டியில் சரிபார்ப்புக்கே அதிக இடம் தந்திருக்கிறேன். பதிவேட்டிலேயே ஆசிரியர் கையால் எழுதி வைத்திருக்கும் மொத்தமும் சராசரியும்தான் நமக்குக் கிடைக்கும் சிறந்த சரிபார்ப்புக் கருவிகள். பலர் அவற்றைத் தட்டச்சு செய்யாமலே விட்டுவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பதிவேட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து பாடங்கள். பாடத்துக்கு 100 மதிப்பெண், மொத்தம் 500, தேர்ச்சிக்குப் பாடத்துக்கு 35. வேறு வகுப்பாக இருந்தால் பத்திகளின் எண்ணிக்கையும் தேர்ச்சி மதிப்பெண்ணும் மாறும், முறை மாறாது.

படத்தைச் சரிசெய்தல்

படம் தெளிவாக இல்லாவிட்டால் பின்னால் செய்யும் எந்தச் சரிபார்ப்பும் முழுமையாகாது. படம் எடுப்பவரிடம் மூன்று செய்திகளைச் சொல்லிவிட்டால் போதும். முதலாவது, பதிவேட்டை மேசையில் நன்றாக விரித்து, நடுத்தையல் பக்கம் மேலெழாமல் அழுத்திப் பிடித்து, கைப்பேசியைத் தாளுக்கு நேர்மேலே பிடித்து எடுக்க வேண்டும். சாய்த்து எடுத்தால் தூரத்து ஓரத்தின் எண்கள் சிறுத்துப்போகும். இரண்டாவது, சன்னல் வெளிச்சம் இருந்தால் ஃபிளாஷ் வேண்டாம். பளபளப்பான தாளில் ஃபிளாஷ் விழுந்த இடத்தில் எண்ணே வெளுத்துவிடும். மூன்றாவது, வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ஆவணமாக, அதாவது Document வழியாக அனுப்ப வேண்டும். படமாக அனுப்பினால் கோப்பு சுருக்கப்பட்டு, பென்சிலில் மெலிதாக எழுதிய எண்கள் மங்கிவிடுகின்றன.

பெரும்பாலான பதிவேடுகளில் இடப் பக்கத்தில் வரிசை எண்ணும் பெயரும், வலப் பக்கத்தில் மதிப்பெண்களும் இருக்கும். இரண்டு பக்கங்களையும் தனித்தனிப் படமாக எடுத்தால், வலப் பக்கத்து ஏழாவது வரி இடப் பக்கத்து ஏழாவது பெயருக்குத்தான் உரியதா என்பது படத்திலிருந்து தெரியாது. தலைப்பு வரி ஒரு பக்கத்தில் இரண்டு கோடுகளை எடுத்துக்கொண்டிருக்கலாம். இடையில் பள்ளியை விட்டுச் சென்ற மாணவரின் பெயர் அடிக்கப்பட்டு, மதிப்பெண் கட்டம் வெறுமையாக இருக்கலாம். எனவே விரித்த இரண்டு பக்கங்களும் சேர்ந்து தெரியும்படி ஒரு படமும், எண்களை நெருக்கமாகக் காட்டும் வலப் பக்கப் படம் ஒன்றும் கேட்டு வாங்குங்கள். முதல் படம் வரிசையைக் காட்டும், இரண்டாவது படம் எண்ணைக் காட்டும்.

படம் கைக்கு வந்ததும் கடைசி வரியையும் கடைசிப் பத்தியையும் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே 3, 8 இரண்டையும் ஐயமின்றி வேறுபடுத்த முடிந்தால் மற்ற இடங்களும் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். முடியாவிட்டால் அப்போதே வேறு படம் கேட்டுவிடுவது நல்லது. ஊகித்து நிரப்பும் ஒவ்வோர் எண்ணும் ஒரு மாணவரின் முடிவையே மாற்றக்கூடும்.

மென்பொருள் வாசிப்பதா, கையால் உள்ளிடுவதா

அச்சிட்ட பட்டியலாக இருந்தால் எக்செலில் Data பட்டையிலுள்ள From Picture என்னும் வசதி பயன்படும். படத்தை அட்டவணையாகவே கட்டங்களில் பிரித்து, தனக்கு ஐயமுள்ள கட்டங்களைக் குறித்துக் காட்டி, உள்ளே சேர்க்கும் முன் அவற்றைத் திருத்தவும் இடம் தருகிறது. தமிழில் உள்ள பெயர்களை அதனிடம் விடாமல் நீங்களே உள்ளிடுங்கள். கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி Google Docs கொண்டு திறந்தால் அதுவும் எழுத்துகளை வாசித்துத் தரும், அச்சிட்ட தமிழையும் வாசிக்கும். ஆனால் அட்டவணையின் கட்ட அமைப்பு பெரும்பாலும் கலைந்து, எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். பெயர்களை மட்டும் எடுக்க அது போதும், மதிப்பெண்களுக்கு அதை நம்ப வேண்டாம்.

கையால் எழுதிய பதிவேடாக இருந்து, மாணவர் ஐம்பது பேருக்குள் இருந்தால், கையால் உள்ளிடுவதே விரைவானது என்பது என் கருத்து. மென்பொருள் வாசித்ததைத் திருத்த ஒவ்வொரு கட்டத்தையும் எப்படியும் படத்தோடு ஒப்பிட வேண்டும். அதற்குள் தட்டச்சே முடிந்துவிடும்.

உள்ளிடும்போது திரையின் ஒரு பாதியில் படத்தையும் மறுபாதியில் விரிதாளையும் வைத்துக்கொண்டு, வரிவரியாகச் செல்லுங்கள். ஒரு மதிப்பெண்ணை அடித்ததும் Tab, வரியின் கடைசி மதிப்பெண்ணுக்குப் பின் Enter. இப்படிச் செய்தால் எக்செலிலும் கூகுள் ஷீட்ஸிலும் சுட்டி தானாகவே அடுத்த வரியில், நீங்கள் தொடங்கிய பத்திக்குத் திரும்பும். சுட்டெலியைத் தொட வேண்டியதில்லை என்பதால் வரி தவறும் வாய்ப்பும் குறைகிறது. ஒருவர் வாசிக்க மற்றவர் அடிப்பதாக இருந்தால், எண்ணை முழுச்சொல்லாகச் சொல்லாமல் இலக்கம் இலக்கமாகச் சொல்லச் சொல்லுங்கள். ‘சிக்ஸ்டீன்’ என்றது ‘சிக்ஸ்டி’ என்று காதில் விழுவது அடிக்கடி நடப்பது. ‘ஒண்ணு ஆறு’ என்றால் அந்தக் குழப்பம் எழாது.

பதிவேட்டில் ஓர் எண் அடிக்கப்பட்டு மேலே வேறோர் எண் எழுதி, அருகில் ஆசிரியர் சுருக்கொப்பம் இட்டிருந்தால், மேலே உள்ள எண்ணையே எடுக்க வேண்டும். சுருக்கொப்பம் இல்லாத திருத்தமாக இருந்தால் ஆசிரியரைக் கேட்ட பிறகு உள்ளிடுங்கள்.

தாளின் அமைப்பு

முதல் வரியில் தலைப்புகள் வரட்டும். A பத்தியில் வரிசை எண், B-இல் பெயர், C முதல் G வரை ஐந்து பாடங்கள். H பத்தியில் பதிவேட்டில் ஆசிரியர் கையால் எழுதியிருக்கும் மொத்தத்தை, உங்கள் கணக்கு எதையும் சேர்க்காமல், உள்ளபடியே உள்ளிடுங்கள். I பத்தியில் விரிதாள் கூட்டும் மொத்தம், J-இல் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, K-இல் தேர்ச்சி முடிவு, L-இல் ரேங்க், M-இல் கட்டங்களைச் சரிபார்க்கும் எண் என வைத்துக்கொள்வோம்.

தேர்வு எழுதாதவருக்கு 0 போடக் கூடாது. பதிவேட்டில் இருப்பது போலவே AB என்று போடுங்கள். எழுதிப் பூச்சியம் பெற்றவரும் எழுதவே வராதவரும் வேறு வேறு. அதோடு 0 போட்டால் பாடச் சராசரியும் எழுதியோர் எண்ணிக்கையும் தவறாகிவிடும். அதன் அளவைக் கீழே எண்களோடு காட்டுகிறேன். வகுப்பு முழுவதும் ஒரே வடிவத்தைப் பின்பற்றுங்கள். ஓரிடத்தில் AB, இன்னோரிடத்தில் புள்ளியோடு AB., மற்றோரிடத்தில் வெறுங்கட்டம் என்றிருந்தால் சூத்திரம் அவற்றை வேறு வேறாகவே கொள்ளும்.

முறையைக் காட்ட எட்டு மாணவர் கொண்ட ஒரு மாதிரி. பெயர்களும் எண்களும் விளக்கத்துக்காக அமைத்தவை. படத்தைப் பார்த்து முதல்முறை உள்ளிட்டபோது கிடைத்ததாக இதைக் கொள்வோம்.

| வ.எண் | பெயர் | தமிழ் | ஆங். | கணி. | அறி. | ச.அறி. | பதிவேட்டு மொத்தம் |
|---|---|---|---|---|---|---|---|
| 1 | அகிலா | 73 | 65 | 91 | 84 | 80 | 398 |
| 2 | இளமாறன் | 45 | 38 | 34 | 52 | 61 | 230 |
| 3 | கயல்விழி | 92 | 88 | 97 | 95 | 90 | 462 |
| 4 | சரவணன் | 67 | 59 | 13 | 70 | 66 | 335 |
| 5 | தேன்மொழி | 88 | 79 | 34 | 90 | 93 | 384 |
| 6 | நவீன் | 81 | 85 | 72 | 79 | 81 | 398 |
| 7 | பாத்திமா | 74 | AB | 82 | 77 | 69 | 302 |
| 8 | ஜோசப் | 65 | 43 | 49 | 60 | 58 | 266 |

தரவு 2ஆம் வரி முதல் 9ஆம் வரி வரை இருக்கிறது. கீழே வரும் சூத்திரங்களில் 9 என்று இருக்கும் இடங்களில் உங்கள் வகுப்பின் கடைசி வரி எண்ணைப் போட்டுக்கொள்ள வேண்டும். 32 மாணவர் என்றால் அது 33.

மொத்தமும் முதல் சரிபார்ப்பும்

I2, J2, M2 ஆகிய மூன்று கட்டங்களிலும் முறையே இவற்றை உள்ளிட்டு, கீழ்வரிகளுக்கு இழுத்துவிடுங்கள்.

```
=SUM(C2:G2)
=I2-H2
=COUNT(C2:G2)+COUNTIF(C2:G2,"AB")
```

C2+D2+E2 என்று கூட்டாமல் SUM பயன்படுத்துவதற்குக் காரணம் உண்டு. கூட்டல் குறி வழியில் AB உள்ள வரி #VALUE! என்று பிழை காட்டும். SUM எழுத்துகளைப் பொருட்படுத்தாமல் எண்களை மட்டும் கூட்டும். ஆனால் அந்த நன்மையே ஓர் ஆபத்தாகவும் ஆகிறது. மென்பொருள் வாசித்த படத்தில் 60 என்பது ஆறும் ஆங்கில எழுத்து O-வும் சேர்ந்ததாக வந்திருந்தால், SUM அதையும் சத்தமில்லாமல் விட்டுவிடும். கண்ணுக்கு அது 60 போலவே தெரியும். இதைப் பிடிப்பதற்குத்தான் M பத்தி. அங்கே எல்லா வரியிலும் 5 வர வேண்டும். 4 வந்தால் அந்த வரியில் ஒரு கட்டம் வெறுமையாகவோ, எண்ணைப் போலத் தோன்றும் எழுத்தாகவோ இருக்கிறது என்று பொருள். நீங்கள் இடவல அமைப்பை மாற்றாதவரை எண்கள் கட்டத்தில் வலப்புறம் ஒட்டியும் எழுத்துகள் இடப்புறம் ஒட்டியும் நிற்கும் என்பதால், இடப்புறம் ஒதுங்கிய கட்டத்தைத் தேடி அதை அழித்து மீண்டும் அடித்தால் சரியாகிவிடும்.

இனி J பத்தியைப் பாருங்கள். நம் மாதிரியில் அகிலாவுக்கு -5, சரவணனுக்கு -60, ஜோசப்புக்கு 9 என்று வருகிறது, மற்றவர்களுக்கு 0. இந்த வேறுபாட்டின் அளவே பிழை எந்த வகை என்பதை ஓரளவு சொல்லிவிடும்.

வேறுபாடு 5 அல்லது 50 என்றால் 3ஐ 8 என்றோ, 8ஐ 3 என்றோ, 4ஐ 9 என்றோ மாற்றி வாசித்திருக்கலாம். ஒன்றின் இடத்தில் மாறியிருந்தால் 5, பத்தின் இடத்தில் மாறியிருந்தால் 50. அகிலாவின் வரியைப் பெரிதாக்கிப் பார்த்தால் தமிழில் இருப்பது 73 அல்ல, 78. வேறுபாடு 6 அல்லது 60 என்றால் 1, 7 ஆகியவற்றையோ 0, 6 ஆகியவற்றையோ ஐயப்பட வேண்டும். சரவணனின் கணித மதிப்பெண் 13 அல்ல, 73. மேற்கோடு மெலிதாக இருந்ததால் 7 என்பது 1 ஆகியிருக்கிறது. வேறுபாடு 9ஆல் மீதமின்றி வகுபட்டால், இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கும் வாய்ப்பு மிக அதிகம். ஜோசப்பின் தமிழ் மதிப்பெண் 65 அல்ல, 56. இலக்கங்கள் இடம் மாறும்போது வரும் வேறுபாடு எப்போதும் 9இன் மடங்காகவே இருக்கும் என்பதால், கணக்கர்கள் நெடுங்காலமாக இந்தக் குறிப்பைப் பயன்படுத்தி வருகிறார்கள்.

எல்லா எண்களையும் இருமுறை பார்த்த பிறகும் வேறுபாடு நீங்கவில்லை என்றால், பதிவேட்டிலேயே கூட்டல் தவறாக இருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் H பத்தியின் எண்ணை நீங்களாக மாற்றாதீர்கள். அந்தக் கட்டத்தில் ஒரு குறிப்பு இட்டு, வகுப்பாசிரியரிடம் விடைத்தாளைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். கூட்டல் தவறா, மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றியதில் தவறா என்பதை விடைத்தாள்தான் சொல்ல முடியும்.

இன்னொரு துணையும் பதிவேட்டிலேயே கிடைக்கக்கூடும். 35க்குக் குறைந்த மதிப்பெண்களைச் சிவப்பு மையால் அடிக்கோடிடுவதோ வட்டமிடுவதோ பல ஆசிரியர்களின் வழக்கம். சிவப்புக் குறி உள்ள கட்டம் உங்கள் தாளில் 38 என்று இருந்தால் அது பெரும்பாலும் 33. குறி இல்லாத கட்டம் 31 என்று இருந்தால் அது 37 ஆக இருக்கலாம். தேர்ச்சிக் கோட்டுக்கு அருகிலுள்ள எண்களை இந்தக் குறியோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுவது, அந்த மாணவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்சக் கடமை.

மொத்தம் சரியாக வந்தும் மறைந்திருக்கும் பிழை

மூன்று பிழைகளையும் திருத்திய பிறகு J பத்தி முழுவதும் 0 ஆகிவிடும். பலரும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் நவீனின் வரியில் ஒரு பிழை இன்னும் இருக்கிறது. படத்தில் அவருடைய ஆங்கிலம் 72, கணிதம் 85. நம் தாளில் இரண்டும் இடம் மாறி நிற்கின்றன. மொத்தம் எப்படிக் கூட்டினாலும் 398தான் என்பதால் வரிச் சரிபார்ப்பு இதைக் காணாது. இதைப் பிடிக்க மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும்.

பதிவேட்டின் அடியில் பெரும்பாலும் எழுதியோர், தேர்ச்சி பெற்றோர், சராசரி ஆகியவை பாடவாரியாக எழுதப்பட்டிருக்கும். 10ஆம் வரியை வெறுமையாக விட்டு, C11, C12, C13 கட்டங்களில் இவற்றை உள்ளிட்டு G வரை இழுங்கள்.

```
=COUNT(C2:C9)
=COUNTIF(C2:C9,">=35")
=ROUND(AVERAGE(C2:C9),1)
```

பதிவேட்டில் ஆங்கிலத்தின் சராசரி 63.4 என்றும் கணிதத்தின் சராசரி 68.1 என்றும் இருக்கிறது எனக் கொள்வோம். நம் தாளிலோ ஆங்கிலம் 65.3, கணிதம் 66.5 என்று வருகிறது. ஆங்கிலத்தின் கூட்டல் 444க்குப் பதில் 457, கணிதத்தின் கூட்டல் 545க்குப் பதில் 532. ஒன்று 13 ஏற, மற்றொன்று அதே 13 இறங்கியிருக்கிறது. இரண்டு பாடங்களில் சம அளவில் ஏற்றமும் இறக்கமும் தெரிந்தால், ஏதோ ஒரு வரியில் அந்த இரண்டு பாடங்களும் இடம் மாறியுள்ளன. அவற்றுக்கிடையே சரியாக 13 வேறுபாடு உள்ள வரியைத் தேடினால் போதும். எழுதியோர் எண்ணிக்கையும் தேர்ச்சி எண்ணிக்கையும் இங்கே உதவவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு மதிப்பெண்களும் 35க்கு மேல் இருப்பதால் அவை மாறவே இல்லை. சராசரி எழுதப்படாத பதிவேட்டில் இத்தகைய இடமாற்றத்தைக் கண்டுபிடிக்க, பாடம் பாடமாக மேலிருந்து கீழாகப் படத்தோடு மீண்டும் ஒருமுறை வாசிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பாத்திமாவின் ஆங்கிலத்துக்கு AB என்று போட்டதன் பயனும் இங்கேதான் தெரிகிறது. 444ஐ ஏழு பேரால் வகுத்ததால் 63.4 கிடைத்தது. 0 போட்டிருந்தால் எட்டால் வகுத்து 55.5 வந்திருக்கும், ஆங்கில ஆசிரியரின் தேர்ச்சிக் கணக்கிலும் ஒருவர் தோல்வியாகச் சேர்ந்திருப்பார்.

கட்டங்களுக்குக் காவல்

100க்கு மேற்பட்ட எண்ணோ வெறுங்கட்டமோ நுழைந்தால் உடனே தெரியும்படி C2:G9 பகுதியைத் தேர்ந்தெடுத்து, Conditional formatting-இல் இந்தச் சூத்திரத்தைக் கொடுத்துச் சிவப்பு நிறம் தாருங்கள்.

```
=NOT(OR(C2="AB",AND(ISNUMBER(C2),C2>=0,C2<=100)))
```

Data validation வழியாகவும் இதைச் செய்யலாம். ஆனால் எக்செலில் அது தட்டச்சு செய்யும் மதிப்புகளை மட்டுமே தடுக்கும், வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டியவற்றைத் தடுக்காது. நிறம் மாற்றும் முறை இரண்டையும் காட்டிவிடும் என்பதால் அதையே விரும்புகிறேன்.

தேர்ச்சி முடிவும் ரேங்க்கும்

K2 கட்டத்தில் முடிவு வருமாறு:

```
=IF(COUNTIF(C2:G2,"AB")>0,"வரவில்லை",IF(COUNTIF(C2:G2,">=35")=5,"தேர்ச்சி","தோல்வி"))
```

ரேங்க் போட RANK என்ற சூத்திரம் உண்டு. ஆனால் அது மொத்தத்தை மட்டுமே பார்க்கும். நம் மாதிரியில் தேன்மொழியின் மொத்தம் 384. கணிதத்தில் 34 பெற்றதால் அவர் தேர்ச்சி பெறவில்லை. RANK அவருக்கு 4ஆம் ரேங்க்கையும், ஐந்து பாடத்திலும் தேர்ச்சி பெற்ற சரவணனுக்கு 5ஆம் ரேங்க்கையும் தரும். எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி பெற்றவருக்கே ரேங்க் என்பது பள்ளிகளில் பரவலாக உள்ள வழக்கம். எனவே, ‘என்னைவிட அதிக மொத்தம் பெற்றுத் தேர்ச்சியும் அடைந்தவர் எத்தனை பேர்’ என்று எண்ணி, அதனோடு ஒன்றைச் சேர்க்கும் வழியே பொருத்தமானது. L2 கட்டத்தில் இதை உள்ளிடுங்கள்.

```
=IF(K2="தேர்ச்சி",COUNTIFS($K$2:$K$9,"தேர்ச்சி",$I$2:$I$9,">"&I2)+1,"")
```

கயல்விழிக்கு மேலே யாருமில்லை, ஆகவே 1. அகிலா, நவீன் இருவரும் 398 என்பதால் இருவருக்கும் 2. சரவணனுக்கு மேலே தேர்ச்சி பெற்ற மூவர் இருப்பதால் 4. ஜோசப்புக்கு 5. இளமாறன், தேன்மொழி, பாத்திமா மூவருக்கும் கட்டம் வெறுமையாக இருக்கும்.

இரண்டாம் ரேங்க்கை இருவர் பகிர்ந்தால் அடுத்தவர் மூன்றா, நான்கா என்பது பள்ளி முடிவு செய்ய வேண்டியது. மூன்றாம் ரேங்க் விடுபடாமல் சரவணனுக்கு 3, ஜோசப்புக்கு 4 என்று வர வேண்டுமானால் இதைப் பயன்படுத்தலாம்.

```
=IF(K2="தேர்ச்சி",SUMPRODUCT(($K$2:$K$9="தேர்ச்சி")*($I$2:$I$9>I2)/COUNTIFS($I$2:$I$9,$I$2:$I$9,$K$2:$K$9,$K$2:$K$9))+1,"")
```

இதில் நடப்பது இதுதான்: ஒரே மொத்தம் பெற்ற இருவரில் ஒவ்வொருவரும் அரை என்று எண்ணப்படுவதால், இருவரும் சேர்ந்து ஒன்றாகிறார்கள். ஆகவே மேலே எத்தனை பேர் என்பதற்குப் பதிலாக, மேலே எத்தனை வேறு வேறு மொத்தங்கள் உள்ளன என்ற எண்ணிக்கை கிடைக்கிறது. எந்த முறையை எடுத்தாலும் பள்ளியின் எல்லாப் பிரிவுகளுக்கும் அதையே எடுக்க வேண்டும். 10-அ பிரிவுக்கு ஒன்றும் 10-ஆ பிரிவுக்கு மற்றொன்றும் போட்டால் பெற்றோரின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

இங்கே அடிக்கடி நேரும் இரண்டு தவறுகளைக் கவனியுங்கள். டாலர் குறியை விட்டுவிட்டால், சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது ஒப்பிடும் பகுதியும் சேர்ந்து கீழிறங்கும். மேல்வரிகளில் உள்ளவர்கள் கணக்கிலிருந்து விலகிவிடுவார்கள். பட்டியலின் கடைசி மாணவர் தேர்ச்சி பெற்றிருந்து, மொத்தம் எவ்வளவாக இருந்தாலும் அவருக்கு 1 என்று வந்தால் காரணம் இதுவே. இரண்டாவது, K பத்தியின் சூத்திரத்திலும் L பத்தியின் சூத்திரத்திலும் ‘தேர்ச்சி’ என்ற சொல் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். K பத்தியின் சூத்திரத்தில் ‘தேர்ச்சி’க்குப் பின் ஓர் இடைவெளி கூடிவிட்டால் ரேங்க் பத்தி முழுவதும் வெறுமையாகிவிடும். ஒரிடத்தில் அடித்த சொல்லையே நகலெடுத்து மற்ற இடங்களில் ஒட்டுவது பாதுகாப்பானது.

ரேங்க் வரிசைப் பட்டியல்

வரிசை எண் ஒழுங்கில் உள்ள மூலத் தாளை ரேங்க் ஒழுங்கில் மாற்றி அடுக்காதீர்கள். படத்தோடு மீண்டும் ஒப்பிட வேண்டிய நாளில் அந்த ஒழுங்கு தேவைப்படும். மேலும், ஒரே ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கினால் பெயர் ஓரிடத்திலும் மதிப்பெண் வேறிடத்திலும் போய்விடும். மூலத் தாளுக்கு Marks என்று பெயரிட்டு, வேறொரு தாளின் A2 கட்டத்தில் இதைப் போடுங்கள்.

```
=SORT(Marks!A2:L9,12,TRUE)
```

12 என்பது ரேங்க் உள்ள L பத்தி. இது கூகுள் ஷீட்ஸுக்கு உரியது. SORT உள்ள புதிய எக்செல் பதிப்புகளில் TRUE இருக்கும் இடத்தில் 1 என்று போட வேண்டும். பழைய எக்செலாக இருந்தால் A முதல் L வரை நகலெடுத்து, Paste Special-இல் Values வழியாக ஒட்டி, முழுப் பகுதியையும் தேர்ந்தெடுத்து அடுக்கலாம். ஆனால் மூலத்தில் பின்னர் செய்யும் திருத்தம் அதில் தானாக வந்து சேராது.

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் மாநில, மாவட்ட அளவிலான முதலிடங்களை அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசு 2017இல் நிறுத்திவிட்டது. பள்ளிக்குள் ரேங்க் போடும் பழக்கம் தொடர்ந்தாலும், முழுப் பட்டியலையும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடுவது தேவையற்றது. தேர்ச்சி பெறாத பிள்ளையின் பெயரும் அதில் எல்லோர் கண்ணிலும் படும். அந்தந்த மாணவரின் வரியை மட்டும் அவரவர் பெற்றோருக்கு அனுப்புங்கள். தாளைப் பகிர வேண்டிய ஆசிரியர்களுக்கும் Viewer என்ற அளவில் மட்டும் உரிமை கொடுத்து, திருத்தும் உரிமையை வகுப்பாசிரியரிடமும் உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள். ஆவணமாக வந்த மூலப் படத்தை, விரிதாள் இருக்கும் அதே கோப்புறையில், வகுப்பும் தேர்வும் ஆண்டும் தெரியும் பெயரோடு சேமித்து வையுங்கள். ஒரு மதிப்பெண்ணைப் பற்றி யாராவது கேட்டால் H பத்தியையும் அந்தப் படத்தையும் அருகருகே வைத்து அங்கேயே காட்டிவிடலாம்.